சம்பளச் சான்றிதழ்: எதற்கென்று சொல்லிக் கேட்பது

"சார், எனக்கு ஒரு சாலரி சர்டிபிகேட் வேணும்." நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுக்கு இப்படி ஒற்றை வரியில் வரும் மின்னஞ்சல்கள் ஏராளம். அந்த ஒரு வரிக்கு அவர்களிடமும் பதில் தயாராக இருக்கும். கணினியில் ஏற்கெனவே கிடக்கும் படிவத்தில் பெயரையும் தொகையையும் மாற்றுவார்கள். மேலே 'டு ஹூம்சோவர் இட் மே கன்சர்ன்' என்று போட்டு, கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். பைக் கடனுக்கு அது போதும். விசாவுக்குப் போதாது.

கடன் கொடுக்கும் வங்கி தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றைத்தான்: இவரால் மாதத் தவணை கட்ட முடியுமா? விசா அதிகாரிக்குக் கேள்விகள் வேறு. எதற்காகப் போகிறார், அங்கே இருக்கும் நாட்களுக்கான செலவை யார் பார்த்துக்கொள்கிறார்கள், போனவர் குறித்த நாளில் திரும்பிவிடுவாரா? ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2009-இல் கொண்டுவரப்பட்ட விசா சட்டத்தொகுப்பு இந்த மூன்றையும் வெளிப்படையாகவே கேட்கிறது. மூன்றாவது கேள்விக்குச் சம்பளத் தொகை மட்டும் பதில் ஆகாது. "இவருக்கு இங்கே வேலை இருக்கிறது, இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை விடுப்பு கொடுத்திருக்கிறோம், இந்தத் தேதியில் மீண்டும் வேலைக்கு வருகிறார்" என்ற வரிகள்தான் பதில். பொதுப் படிவத்தில் அவை இருக்காது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொன்னால்தான் எழுதுகிறவர் அவற்றைச் சேர்ப்பார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சம்பளச் சான்றிதழ் கொடுப்பது நிறுவனம். உங்கள் கணக்கின் ஸ்டேட்மென்ட் கொடுப்பது வங்கி. சம்பளக் கணக்கை நிறுவனமே திறந்து கொடுத்திருந்தாலும் அந்தக் கணக்கு உங்களுடையது. அதன் ஸ்டேட்மென்டை எச்.ஆரிடம் கேட்டால் அவர்களால் எடுத்துத் தர முடியாது, தரவும் கூடாது. நிறுவனத்திடம் வங்கி ஸ்டேட்மென்ட் கேட்க வேண்டிய சூழ்நிலை ஒன்று இருக்கிறது. நிறுவனமே உங்களை வேலை விஷயமாக அனுப்பி, செலவையும் ஏற்கும்போது கேட்பது நிறுவனத்தின் கணக்கு ஸ்டேட்மென்டை. அது தனிக் கதை, பின்னால் வருகிறேன்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூரில் வாகன உதிரிபாகம் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் ஒரு பெண் ஆறு வருடமாக வேலை பார்க்கிறார். அவருடைய அக்கா குடும்பம் பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிறது. மே 9 சனிக்கிழமை வேலை முடித்து இரவு விமானம் ஏறுகிறார். 10-ஆம் தேதி லியோன், 23-ஆம் தேதி அங்கிருந்து கிளம்பி 24 ஞாயிறு சென்னை. மறுநாள் திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டும். சனிக்கிழமையும் வேலை நாள் என்பதால் மே 11 முதல் 23 வரை 12 நாள் விடுப்பு.

பணம் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதுதான் எல்லோரும் முதலில் பயப்படும் விஷயம். ஒரு நாளைக்கு எவ்வளவு கையில் இருக்க வேண்டும் என்று பல ஷெங்கன் நாடுகள் தொகை நிர்ணயித்திருக்கின்றன. பிரான்சில் ஓட்டல் முன்பதிவு இருந்தால் நாளுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120. உறவினர் வீட்டில் தங்குகிறவர், அந்த உறவினர் ஊர் நகராட்சியில் பதிந்து வாங்கிய அழைப்புச் சான்றைக் காட்டினால் 32.50 யூரோ போதும். நம் உதாரணத்தில் அக்கா அந்தச் சான்றை வாங்கி அனுப்பிவிட்டார். 14 நாளுக்கு 455 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 45,500 ரூபாய். விமான டிக்கெட்டும் காப்பீடும் இதற்கு மேலே. மாதச் சம்பளம் வாங்கிச் சேமிக்கிற ஒருவருக்கு எட்டாத தொகை இல்லை. இத்தகைய விண்ணப்பங்கள் சறுக்குவது பெரும்பாலும் தொகையில் இல்லை, காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தில்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு சொல்ல அவர்களுக்கு வழக்கமான அவகாசம் 15 நாள், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை போகலாம். அதனால் நம் ஆள் ஏப்ரல் 7-க்கு விசா மையத்தில் நேரம் எடுத்திருக்கிறார். மனிதவளப் பிரிவுக்கு மார்ச் 16-ஆம் தேதியே எழுதிவிடுகிறார். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு வேண்டும் என்பதால் மார்ச் மாதச் சம்பளம் வரும்வரை அந்தக் காகிதம் முழுமையாகாது. சான்றிதழுக்கு அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் வெளியூர் போய்விடுவது எல்லா அலுவலகத்திலும் நடக்கிற காரியம் ஆயிற்றே.

அவருடைய மின்னஞ்சல் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் சொன்னால் இப்படி:

"மே 10 முதல் 23 வரை என் அக்கா குடும்பத்தைப் பார்க்கப் பிரான்ஸ் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். மே 11 முதல் 23 வரையிலான விடுப்புக்குத் துறைத் தலைவர் ஒப்புதல் தந்துவிட்டார்; அந்த மின்னஞ்சலை இணைத்திருக்கிறேன். குறுகிய கால ஷெங்கன் விசா விண்ணப்பத்தோடு கொடுக்க, பிரான்ஸ் துணைத் தூதரகத்தின் விசா அதிகாரிக்கு முகவரியிட்ட ஒரு கடிதம் தேவைப்படுகிறது. அதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி என் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும், வேலையில் சேர்ந்த தேதி, பதவி, நிரந்தரப் பணி என்ற விவரம், மாத மொத்தச் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும், விடுப்புத் தேதிகள், மீண்டும் பணிக்குத் திரும்பும் தேதி ஆகியவை இருக்க வேண்டும். பயணச் செலவு முழுவதும் என்னுடையது. விண்ணப்ப நாள் ஏப்ரல் 7. ஏப்ரல் 1-க்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் சம்பளச் சீட்டுகளிலும் கையெழுத்தும் சீலும் வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை இணைத்திருக்கிறேன்."

இதில் ஒரு வரியைத் தனியாகக் கவனிக்க வேண்டும்: "பயணச் செலவு முழுவதும் என்னுடையது." மனிதவளப் பிரிவில் உள்ளவர்கள் விசா என்றதும் கொஞ்சம் பின்வாங்குவார்கள். காரணம் இரண்டு. ஆள் வெளிநாட்டில் வேலை தேடிக்கொண்டு போகிறாரோ என்ற சந்தேகம் ஒன்று. நாம் கடிதம் கொடுத்து அவர் திரும்பி வராவிட்டால் நம் தலையில் விழுமோ என்ற பயம் இன்னொன்று. ஆட்சேபணை இல்லை என்று எழுதுவதற்கும் ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. நிறுவனம் சொல்வது தன் பதிவேட்டில் உள்ள உண்மைகளை மட்டுமே: இவர் எங்கள் ஊழியர், விடுப்பு கொடுத்திருக்கிறோம், இந்தத் தேதிக்கு வர வேண்டும். செலவையோ திரும்பி வருவதையோ அது ஏற்கவில்லை. வேண்டுமானால் "செலவு ஊழியருடையது, இந்தக் கடிதம் மேற்படி விசா விண்ணப்பத்துக்காக மட்டும், அவர் வேண்டுகோளின்பேரில் தரப்படுகிறது" என்று கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வரி உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. விசாவுக்கென்று வாங்கிய காகிதத்தைக் காட்டிக் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் வசூல் ஆட்கள் அலுவலகத்துக்குப் போன் போடுவார்கள். எச்.ஆர். காரர்கள் காரணம் கேட்பதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது.

இப்போது சம்பளத் தொகைக்கு வருவோம். அதிகமானவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இந்தப் பெண்ணின் வேலை ஒப்பந்தத்தில் வருடச் சம்பளம் 9,60,000 ரூபாய் என்று இருக்கிறது. இதைத்தான் சி.டி.சி. என்கிறோம், ஒரு ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. மாதத்துக்கு வகுத்தால் 80,000. ஆனால் இதற்குள் அவர் கண்ணில் படாத பணமும் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் அதில் 12 சதவீதம், அதாவது 4,800 ரூபாய், வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் கட்டும் பங்கு. பணிக்கொடைக்காக 4.81 சதவீதம், 1,924 ரூபாய், ஒதுக்கி வைப்பார்கள். இரண்டையும் கழித்தால் சம்பளச் சீட்டில் தெரியும் மொத்தச் சம்பளம் 73,276. அதிலிருந்து ஊழியரின் பங்காக இன்னொரு 4,800 வைப்பு நிதிக்குப் போகும். இந்த வருமானத்துக்கு 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் வருமான வரி கிடையாது. ஆக, தொழில் வரி பிடிக்காத ஒரு மாதத்தில் வங்கியில் விழுவது 68,476 ரூபாய்.

ஒரே ஆளுக்கு ஒரே மாதத்துக்கு மூன்று தொகைகள்: 80,000, 73,276, 68,476. மூன்றும் உண்மைதான். அவசரத்தில் அடித்த சான்றிதழில் "மாதச் சம்பளம் ரூ. 80,000" என்று மட்டும் இருக்கும். வங்கி ஸ்டேட்மென்டைத் திருப்பினால் மாதா மாதம் 68,476. மேசையில் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும் ஓர் அதிகாரி வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் கழித்துப் பார்க்க உட்கார மாட்டார். நம் ஊர்ச் சம்பள முறை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவர் கண்ணில் படுவது பொருந்தாத இரண்டு எண்கள். பெரிய தொகை இருந்தால் கெத்தாக இருக்கும் என்று நினைத்துச் சி.டி.சி.யை மட்டும் போடச் சொல்கிறவர்கள் தங்கள் விண்ணப்பத்தைத் தாங்களே சந்தேகத்துக்கு ஆளாக்குகிறார்கள். சான்றிதழில் மொத்தச் சம்பளம், பிடித்தம், கைக்கு வருவது என மூன்றும் இருக்கட்டும். கைக்கு வரும் தொகை சம்பளச் சீட்டிலும் ஸ்டேட்மென்டிலும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகட்டும். ஒரு மாதத்தில் மிகை நேர ஊதியமோ போனஸோ வந்து தொகை கூடியிருந்தால் பரவாயில்லை. அந்த மாதச் சம்பளச் சீட்டே அதை விளக்கிவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். சில நிறுவனங்கள் சம்பளத்தைத் தங்கள் பெயரில் போடுவதில்லை. தாய் நிறுவனத்தின் கணக்கிலிருந்தோ, ஊதியப் பட்டுவாடாவுக்கென்று அமர்த்திய வேறொரு நிறுவனத்தின் கணக்கிலிருந்தோ பணம் வரும். ஸ்டேட்மென்டில் அந்தப் பெயர்தான் அச்சாகியிருக்கும். கடிதத்தில் ஒரு பெயர், பணம் அனுப்பியவர் இன்னொரு பெயர் என்றால் கேள்வி வரத்தான் செய்யும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் ஸ்டேட்மென்டில் சம்பள வரவு எந்தப் பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். வேறு பெயர் என்றால், "இவருடைய சம்பளம் இன்ன நிறுவனத்தின் கணக்கு வழியாக வழங்கப்படுகிறது" என்ற ஒரு வரியைக் கடிதத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர் என்றதும் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. தலைப்பெழுத்து. அலுவலகப் பதிவேட்டில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கும், வங்கியில் அது பின்னால் போயிருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்தவர்களுக்கு நாலாவதாக ஒரு வடிவமும் உண்டு. நமக்கு எல்லாம் ஒரே ஆள். வெளிநாட்டு அதிகாரிக்கு அப்படித் தோன்ற வேண்டியதில்லை. அதனால் நிறுவனக் கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எண்ணும், ஊழியர் எண்ணும் சேர்ந்து இருந்தால் சம்பளச் சீட்டில் உள்ள சுருக்கப் பெயரையும் இந்தப் பெயரையும் இணைத்துப் பார்க்க முடியும். "எங்கள் பதிவேட்டில் இன்ன பெயரில் உள்ள" என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. மின்னஞ்சலோடு பாஸ்போர்ட் நகலை இணைப்பது இதற்காகத்தான்.

பதவியும் அப்படியே. சம்பளச் சீட்டில் 'எக்சிக்யூட்டிவ்' என்றும் கடிதத்தில் 'மேனேஜர்' என்றும் இருந்தால் யாருக்கும் லாபமில்லை.

வங்கி ஸ்டேட்மென்டைக் கடைசியில் எடுக்க வேண்டும். மார்ச் சம்பளம் 31-ஆம் தேதி விழுகிறது என்றால் ஏப்ரல் 1-க்குப் பிறகு, விண்ணப்ப நாளுக்கு ஓரிரு நாள் முன்பு எடுத்தால் சம்பளச் சீட்டில் உள்ள மூன்று மாத வரவும் அதில் இருக்கும். மூன்று மாதம் போதும் என்று சில பட்டியல்களும், ஆறு மாதம் என்று சிலவும் சொல்கின்றன; ஆறு மாதத்துக்கு எடுத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. இணைய வங்கியில் இறக்கிய காகிதத்தை அப்படியே ஏற்கும் இடங்களும் உண்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கிளையின் சீலும் கையெழுத்தும் கேட்கும் இடங்களும் உண்டு. நீங்கள் போகும் நாட்டின் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளைக்குப் போங்கள். அங்கேயும் எதற்கு என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். வெறுமனே சான்று கேட்டால் சில கிளைகளில் இருப்புச் சான்றிதழைக் கொடுத்துவிடுவார்கள். அது ஒரு குறிப்பிட்ட நாளில் கணக்கில் எவ்வளவு இருந்தது என்பதை மட்டும் சொல்லும். பணம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைச் சொல்லாது. விசாவுக்கு வேண்டியது அந்த வரவு செலவின் நடை.

அந்த நடையில் அதிகாரிகள் முதலில் தேடுவது திடீர் வரவை. ஐந்து மாதமாக இருபது, முப்பதாயிரத்தில் ஓடிக்கொண்டிருந்த கணக்கில் விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு மூன்று லட்சம் ரொக்கமாக விழுந்தால், யாரிடமோ கைமாற்று வாங்கிப் போட்டிருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். வைப்புத்தொகை முதிர்ந்து வந்த பணம் என்றால் அந்த ரசீதின் நகலை வையுங்கள். நகையை விற்றது என்றால் பில். சீட்டு எடுத்தது என்றால் பதிவு பெற்ற நிறுவனத்தின் ரசீது. விளக்கக் காகிதம் இல்லாத பெரிய தொகை உதவியை விட உபத்திரவமே செய்யும். இதைவிட நல்லது, வைப்புத்தொகை இருந்தால் அதை உடைக்காமல், அதற்கு வங்கி தரும் சான்றைத் தனியாக இணைப்பது.

கடிதம் கைக்கு வந்ததும் மடித்துப் பைக்குள் வைக்காமல் அங்கேயே நின்று படித்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் லெட்டர் ஹெட்டில் இருக்கிறதா? முகவரி, நேரடித் தொலைபேசி எண், நிறுவனப் பெயரிலான மின்னஞ்சல் முகவரி உண்டா? கையெழுத்துப் போட்டவரின் பெயரும் பதவியும் கீழே தெளிவாக அச்சாகியிருக்கிறதா? தேதி? விடுப்புத் தேதிகளை விமான முன்பதிவோடு ஒப்பிடுங்கள். நம் உதாரணத்தில் விடுப்பு 22-ஆம் தேதியோடு முடிகிறது என்று தட்டச்சாகியிருந்தால், வேலைக்கு வர வேண்டிய 23-ஆம் தேதி அவர் லியோன் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருப்பார். ஒரு எண் பிழை, ஆனால் குறித்த நாளில் திரும்புவேன் என்ற பேச்சையே அது ஆட்டம் காண வைத்துவிடும்.

தொலைபேசி எண் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. தூதரகத்திலிருந்து கூப்பிட்டு விசாரிப்பது உண்டு. வரவேற்பறையில் போனை எடுப்பவர் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. இது பொய்க் கடிதத்துக்கு மட்டும் நடப்பதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் செல்லப்பெயரில் கூப்பிடுகிற ஆளின் பாஸ்போர்ட் பெயர் வரவேற்பாளருக்குத் தெரியாததாலும் நடக்கலாம். விண்ணப்பித்த அன்றே மனிதவளப் பிரிவுக்கும் வரவேற்பறைக்கும் சொல்லி வையுங்கள். விசாரணை வந்தால் யாரிடம் இணைப்பைத் தர வேண்டும் என்பதையும் சேர்த்து.

தெரிந்தவர் நிறுவனத்தில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம், அல்லது சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லலாம் என்ற யோசனை பலருக்கும் வரும். சில பயண முகவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். பிரிட்டனில் விண்ணப்பத்தில் ஏமாற்றினார் என்று முடிவானால் 10 ஆண்டு வரை தடை. கனடாவில் தவறான தகவலுக்கு 5 ஆண்டு. ஷெங்கன் நாடுகளில் விண்ணப்ப விவரங்கள் பொதுவான விசா தகவல் அமைப்பில் 5 ஆண்டு இருக்கும். ஒரு நாட்டில் மாட்டியதை மற்ற 28 நாடுகளும் பார்க்கலாம். 68,476 ரூபாய் சம்பளத்தோடு கௌரவமாகப் போய்வரக்கூடிய பயணத்துக்கு ஒரு லட்சம் என்று பொய் சொல்லி இதையெல்லாம் விலைக்கு வாங்குவானேன்?

சம்பளத்தை ரொக்கமாக வாங்குகிறவர்களின் நிலை கடினம். ஜவுளிக்கடை, அச்சகம், சிறு பட்டறை என்று இன்றும் அப்படி எத்தனையோ இடங்கள். முதலாளி கடிதம் கொடுத்தாலும் அதைத் தாங்கிப் பிடிக்க ஸ்டேட்மென்டில் ஒன்றும் இருக்காது. பயணம் அடுத்த வருடம்தான் என்றால் இப்போதே முதலாளியிடம் சொல்லி வங்கி வழியாகச் சம்பளம் போடச் சொல்வதுதான் உருப்படியான வழி. ஆறு மாதத்தில் ஸ்டேட்மென்ட் பேச ஆரம்பித்துவிடும். அவர் மாட்டேன் என்றால், வாங்கிய அன்றே அந்தத் தொகையை நீங்களே கணக்கில் கட்டி வாருங்கள். கடிதத்தில் சம்பளம் ரொக்கமாகத் தரப்படுகிறது என்று வெளிப்படையாக எழுதி வாங்குங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் அதன் ஒப்புகைச் சீட்டு இங்கே பெரிய துணை. வரி பிடித்தம் செய்தால்தான் நிறுவனம் பாரம் 16 தர வேண்டும் என்பதால், வரி வரம்புக்குக் கீழே இருக்கும் பலருக்கு அது கிடைப்பதில்லை. அவர்களும் வரி பூஜ்யம் என்று கணக்குத் தாக்கல் செய்யலாம். அதற்கும் ஒப்புகை உண்டு. அரசு ஊழியர்களுக்குப் பாதை வேறு. சொந்தப் பயணமானாலும் துறையின் முன் அனுமதி வேண்டும். அந்தக் கோப்பு நகர எடுக்கும் காலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் விசாவுக்கு நேரம் எடுக்க வேண்டும்.

இனி நிறுவனத்தின் ஸ்டேட்மென்ட். அதே அம்பத்தூர் நிறுவனம் ஒரு பொறியாளரை ஜெர்மனியில் இயந்திரம் பார்க்க அனுப்புகிறது என்று வையுங்கள். டிக்கெட்டும் தங்குமிடமும் நிறுவனச் செலவு. அப்போது அதிகாரி கேட்பது, செலவை ஏற்கிறேன் என்று சொல்லும் நிறுவனத்துக்கு அந்த வசதி இருக்கிறதா என்பதை. அதனால் வணிகப் பயண விசாவுக்கான பட்டியல்கள் பலவற்றில் நிறுவனத்தின் வங்கி ஸ்டேட்மென்டோ வருமான வரித் தாக்கலோ நிறுவனப் பதிவுச் சான்றோ இடம்பெறும். கணக்குப் பிரிவுக்கு இது கசப்பான சங்கதி. நிறுவனத்தின் ஸ்டேட்மென்டில் வாடிக்கையாளர் யார், யாருக்கு எவ்வளவு பாக்கி, சம்பளப் பட்டுவாடா எவ்வளவு என்று எல்லாமே தெரிந்துவிடும். "விசாவுக்கு வேணும், மெயில்ல அனுப்புங்க" என்று கேட்டால் எந்தக் கணக்கு மேலாளரும் தயங்குவார். தயங்கவும் வேண்டும்.

கேட்கும் விதம் மாறினால் தயக்கம் குறையும். எந்த நாட்டு விசா, பயணத் தேதி, அழைத்த நிறுவனம், விசாப் பட்டியலில் அந்த ஸ்டேட்மென்டைக் கேட்கும் பகுதி ஆகியவற்றை இணைத்து, துறைத் தலைவர் வழியாக எழுத வேண்டும். எல்லாக் கணக்குகளும் தேவையில்லை. நடமாட்டம் குறைவான ஒரு கணக்கின் ஸ்டேட்மென்ட் போதுமா என்று பார்க்கலாம். பட்டியல் இடம் கொடுத்தால் ஸ்டேட்மென்டுக்குப் பதில் வரித் தாக்கல் ஒப்புகையைத் தரலாம். சில நிறுவனங்கள் காகிதத்தை ஊழியர் கையில் தராமல் உறையிலிட்டு ஒட்டி, விசா மையத்தில் கொடுக்கச் சொல்லித் தருகின்றன. எல்லா மையமும் மூடிய உறையை வாங்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இந்த வகைக் கடிதத்தில் "செலவு ஊழியருடையது" என்ற வரி இருக்கவே கூடாது. பழைய கடிதத்தை எடுத்துத் தேதி மட்டும் மாற்றுகிற பழக்கம் உள்ள அலுவலகங்களில் அந்த வரி அப்படியே தங்கிவிடும். கூட இணைத்திருக்கும் நிறுவன ஸ்டேட்மென்ட் ஒன்று சொல்ல, கடிதம் வேறொன்று சொல்லும்.

விசா மறுக்கப்பட்டால் ஷெங்கன் நாடுகள் ஒரு பொதுப் படிவத்தைத் தருகின்றன. அதில் காரணங்களுக்கு எதிரே கட்டங்கள் இருக்கும். போதிய பண வசதிக்குச் சான்று இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தால் பார்க்க வேண்டியது வங்கி ஸ்டேட்மென்டை. பயணத்தின் நோக்கத்துக்கும் தங்கும் விதத்துக்கும் தந்த தகவல் நம்பும்படி இல்லை என்றால் அழைப்புச் சான்றையும் பயணத் திட்டத்தையும் நிறுவனக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கோ ஒரு தேதியோ பெயரோ முரண்டு பிடித்துக்கொண்டிருக்கும். விசா முடிவதற்குள் திரும்புவாரா என்பதில் சந்தேகம் என்றால், வேலையில் சேரும் தேதி கடிதத்தில் இருக்கிறதா, எத்தனை வருடமாக வேலை பார்க்கிறார், பணி நிரந்தரமானதா என்பதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிய 90 யூரோ கட்டணம் திரும்பாது. மறுபடி விண்ணப்பிக்கும்போது பயணத் தேதியும் மாறியிருக்கும் என்பதால் பழைய கடிதம் உதவாது. புதிய விடுப்புத் தேதிகளுக்கு முதலில் துறைத் தலைவரின் ஒப்புதலை வாங்கி, அதை இணைத்து, மனிதவளப் பிரிவுக்கு மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். முன்பு கொடுத்த கடிதத்தில் எந்த வரி விடுபட்டது என்பதையும் இந்தத் தடவை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.